வெந்நீரில் மஞ்சளா, மிளகுப் பாலில் மஞ்சளா?

வெந்நீரில் கலக்கிய மஞ்சள் டம்ளரின் அடியில் தங்கிவிடும். மஞ்சளின் பலனுக்குக் காரணம் எனப்படும் குர்குமின் என்ற பொருள் தண்ணீரில் கரையாது. குடலில் உறிஞ்சப்படும் கொஞ்சத்தையும் குடல்சுவரும் கல்லீரலும் உடனே குளுகுரோனிக் அமிலத்தோடு இணைத்து வெளியேற்றிவிடுகின்றன.

கொழுப்பு எடுக்காத பாலில் அது கொழுப்போடு கரைகிறது. ஆனால் கல்லீரல் விடாது. அங்கேதான் மிளகில் உள்ள பைப்பரின் என்ற பொருள் வேலை செய்கிறது. அந்த இணைப்பைத் தாமதப்படுத்துகிறது. 1998-இல் வெளியான பெங்களூரு ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது, ரத்தத்தில் சேர்ந்த அளவு சுமார் 20 மடங்கானது.

என் ஓட்டு பாலுக்கே. ஆனால் ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 100 மில்லிகிராம்தான்; ஆய்வின் அளவு டம்ளரில் வராது. வலிப்புக்கு ஃபெனிடோயின் சாப்பிடுபவர்கள் கவனம்: பைப்பரின் அந்த மருந்தின் அளவையும் ரத்தத்தில் ஏற்றும்.