சம்பளத்தில் வரி பிடித்தார்கள், அரசுக்குக் கட்டவில்லை: ஃபார்ம் 16 வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

நான் முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில் மாதச் சம்பளம் 75,000 ரூபாய். 2023-24 நிதியாண்டு முழுவதும் டிடிஎஸ் என்று மாதம் ஏறக்குறைய 3,467 ரூபாய் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கணக்கில் போட்டார்கள். புதிய வரி முறையில் 9 லட்சம் சம்பளம், 50,000 நிலையான கழிவு போக 8.5 லட்சம், அதற்கு வரியும் செஸ்ஸும் சேர்த்து 41,600. பிடித்த தொகையும் அதேதான். கணக்கில் பிழை இல்லை.

மே முதல் வாரமே ஃபார்ம் 16 கைக்கு வந்துவிட்டது. பரவாயில்லையே, சுறுசுறுப்பாக இருக்கிறார்களே என்று நினைத்தேன். சந்தேகப்பட வேண்டிய முதல் இடமே அதுதான். ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டுக்கு ஊழியர்களிடம் பிடித்த வரியைக் காட்டும் 24Q அறிக்கையை நிறுவனம் தாக்கல் செய்ய மே 31 வரை அவகாசம் உண்டு. அது தாக்கலாகிச் சரிபார்க்கப்பட்ட பிறகுதான் வருமான வரித் துறையின் டிடிஎஸ் தளமான TRACES-இலிருந்து முழு ஆண்டு சான்றிதழை இறக்க முடியும். முன்கூட்டியே தாக்கல் செய்பவர்களும் இருக்கலாம்தான். ஆனால் எங்கள் அலுவலகம் எதையும் முன்கூட்டிச் செய்த சரித்திரம் கிடையாது.

ஃபார்ம் 16 இரண்டு பகுதிகள் கொண்டது. பகுதி B என்பது கணக்கு: மொத்தச் சம்பளம், விலக்குகள், கழிவுகள், வரி எவ்வளவு என்பது. எல்லோரும் இதைத்தான் புரட்டிப் பார்க்கிறோம். நானும் அப்படித்தான். பணம் அரசுக்குப் போனதா என்பதைச் சொல்வது பகுதி A. அதில் வரி பிடிக்கும் நிறுவனத்துக்கென்று உள்ள டான் எண், உங்கள் பான், சான்றிதழ் எண், ஒவ்வொரு காலாண்டுக்கும் 24Q ரசீது எண், பிடித்த வரி, செலுத்திய வரி எல்லாம் இருக்கும். கீழே சலான் அட்டவணை: வங்கிக் கிளையின் ஏழு இலக்க BSR குறியீடு, கட்டிய தேதி, சலான் எண்.

எனக்குக் கொடுத்த பகுதி A-வில் நான்கு காலாண்டுக்கும் 10,400 என்று அழகாக அச்சடித்திருந்தது. TRACES முத்திரை இல்லை, சான்றிதழ் எண் இல்லை. மூன்றாம், நான்காம் காலாண்டுகளுக்கு எதிரே இருந்த ரசீது எண், இரண்டாம் காலாண்டின் அதே எண். எக்செல்லில் தட்டி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்த காகிதம் அது. இதெல்லாம் பிறகுதான் கண்ணில் பட்டது.

ஜூலையில் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது வருமான வரித் தளம் தானாக நிரப்பிய டிடிஎஸ் தொகை 20,800 என்று காட்டியது. தளத்தில் இன்னும் ஏறவில்லை போல என்று நினைத்து, கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து 41,600 என்று மாற்றிவிட்டேன். நான் செய்த முட்டாள்தனம் அதுதான். செப்டம்பரில் வரித் துறையிடமிருந்து பிரிவு 143(1) அறிவிப்பு வந்தது: 20,800 ரூபாயும் வட்டியும் பாக்கி.

அப்புறம்தான் என் பான் எண்ணில் வரவான வரியைக் காட்டும் 26AS-ஐத் திறந்தேன். incometax.gov.in-இல் நுழைந்து e-File → Income Tax Returns → View Form 26AS போனால் அது TRACES-க்குக் கூட்டிச்செல்லும். மதிப்பீட்டு ஆண்டைக் கவனமாகத் தேர்வு செய்யுங்கள். 2023-24 நிதியாண்டுக்கு 2024-25 என்று எடுக்க வேண்டும். நிறுவனத்தின் பெயருக்கு அருகிலுள்ள கூட்டல் குறியை அழுத்தினால் வரி வரியாக விரியும். பிரிவு 192 என்றும், Status of Booking-இல் F என்றும் இருந்தால் அந்தத் தொகை கட்டப்பட்டுப் பொருந்திவிட்டது என்று அர்த்தம். எனக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு பதிவுகள் இருந்தன. அக்டோபரிலிருந்து ஒன்றுகூட இல்லை.

கணக்குப் பிரிவில் கேட்டபோது, "பான் நம்பர் தப்பா போயிருக்கும் சார், திருத்தி அனுப்பிடறோம்" என்றார்கள். அப்படியும் நடப்பதுண்டு, திருத்த அறிக்கை போட்டால் சரியாகிவிடும். ஆனால் உடன் வேலை பார்த்த மூன்று பேரின் 26AS-உம் அதே அக்டோபரில் நின்றிருந்தது. நாலு பேர் பானும் ஒரே மாதத்தில் தப்பாகுமா?

சட்டம் ஓரளவு நம் பக்கம். சம்பளத்தில் பிடித்த வரியை ஊழியரிடம் மறுபடி கேட்கக் கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம் 1961-இன் பிரிவு 205. பிடித்ததற்குச் சான்று நம் கையில் இருக்க வேண்டும். பன்னிரண்டு சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கை இரண்டையும் வைத்து, Pending Actions → Response to Outstanding Demand-இல் பாக்கியை ஏற்கவில்லை என்று பதிந்தேன். மதிப்பீட்டு அதிகாரிக்கு நிறுவனத்தின் டானைக் குறிப்பிட்டுக் கடிதமும் கொடுத்தேன். அதன் பிறகு கட்டச் சொல்லி யாரும் நெருக்கவில்லை. ஆனால் 26AS-இல் ஏறாதவரை தளம் அந்தத் தொகையை வரவு வைப்பதில்லை.

நான்கு மாதம் கழித்து மூன்றாம் காலாண்டின் 10,400 ஏறியது. திருத்த விண்ணப்பம் போட்டுப் பாக்கியைப் பாதியாக்கினேன். நான்காவது காலாண்டு இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.