ஹாலுக்கு அலங்காரக் கண்ணாடி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அரை மாதச் சம்பளம் போய்விட்டது. வீட்டு அலங்காரப் பொருள்களை இணையத்தில் விற்கும் ஒரு கடையில், ஹால் சுவருக்கு ஒரு வட்டக் கண்ணாடி வாங்கினேன். 90 செ.மீ. அகலம், 5 மி.மீ. கண்ணாடி, பித்தளைச் சட்டம் என்று எழுதியிருந்தார்கள். வந்து சேர்ந்த பொருளில் இந்த மூன்றுமே இல்லை. கடையின் பெயரைப் போடவில்லை. இதே வேலையைச் செய்கிற கடைகள் நிறைய இருக்கின்றன, செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உபயோகம்.

எங்கள் ஹாலில் நீளமான சோபா ஒரு சுவரை ஒட்டிக் கிடக்கிறது. எதிர்ச்சுவரில் டி.வி. ஜன்னல் இடது பக்கச் சுவரில். சோபாவுக்கு மேலே சுவர் மொட்டையாக இருக்கிறது, அறையும் கொஞ்சம் இருட்டு, ஒரு பெரிய கண்ணாடி மாட்டினால் வெளிச்சம் கூடும் என்று நினைத்தோம். அந்தக் கடையில் "இலவச ஆலோசனை" உண்டு. சுவரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். ஒரு பெண் கூப்பிட்டுப் பேசினார். "மேடம், உங்க ஹால்ல எல்லாமே நேர்கோடுதான். டி.வி., ஜன்னல், சோபா எல்லாம் சதுரம், செவ்வகம். ஒரு வட்டம் வந்தாத்தான் கண்ணு அங்க போய் நிக்கும்" என்றார். அதில் தப்பு இல்லை, நல்ல யோசனைதான். அதைக் கேட்டதும் இவருக்கு விஷயம் தெரியும் என்ற நம்பிக்கை வந்தது.

நம்பிக்கையைப் பூட்டியது அடுத்து வந்த படம். நான் அனுப்பிய அதே படத்தில், எங்கள் சோபாவுக்கு மேலே அந்தக் கண்ணாடியைப் பொருத்தி அனுப்பியிருந்தார்கள். மெல்லிய தங்க நிற விளிம்பு. உள்ளே எங்கள் ஜன்னலும், வெளியே இருக்கிற மரமும், அந்தப் பச்சை வெளிச்சமும் தெரிந்தன. வீட்டுக்காரர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதையே எடுத்துடு" என்றார். அன்றே முழுப் பணமும் கட்டினோம். அரை மாதச் சம்பளம், முன்கூட்டியே, மொத்தமாக.

அந்தப் படம் நடக்கவே முடியாத ஒன்று என்பதைப் பொருள் வந்த பிறகு சுவரில் வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். கண்ணாடி தனக்கு நேர் எதிரே இருப்பதைத்தான் நேர் எதிரே நிற்கிறவருக்குக் காட்டும். நான் படம் எடுத்தது சோபாவுக்கு நேராக நின்று. அங்கிருந்து பார்த்தால் தெரிய வேண்டியது படம் எடுக்கிற நானும் என் பின்னால் இருக்கிற டி.வி. சுவரும்தான். பக்கச் சுவர் ஜன்னல் அதில் வர வழியே கிடையாது. ஜன்னல் படத்தை வெட்டி வட்டத்துக்குள் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். விற்பதற்காகவே செய்த வேலை அது.

பெட்டி வந்த அன்று மாட்டுவதற்குத் தச்சரை வரச் சொல்லியிருந்தோம். தூக்கினவர் உடனே கீழே வைத்துவிட்டார். "அக்கா, இந்த அளவுக்கு இது கண்ணாடி எடை இல்லையே" என்றார். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தது. வைத்துப் பார்த்தால் சட்டம், பின்பலகை எல்லாம் சேர்த்து மூன்றரைக் கிலோ. அவர் ஒரு கணக்குச் சொன்னார், இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. தடிமனுக்கு, இரண்டரைக் கிலோ இருக்கும். 5 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு பன்னிரண்டரைக் கிலோ. 90 செ.மீ. வட்டத்தின் பரப்பு முக்கால் சதுர மீட்டருக்கும் குறைவு, அதனால் வெறும் கண்ணாடியே கிட்டத்தட்ட 8 கிலோ வர வேண்டும். எங்களுக்கு வந்தது சட்டத்தோடு சேர்த்தே அதில் பாதிகூட இல்லை.

பேனா முனையைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். பூச்சு இருப்பது கண்ணாடியின் பின்பக்கம் என்பதால் முனைக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி தெரியும். 5 மி.மீ. கண்ணாடியை நேராகப் பார்த்தால் அது 6, 7 மி.மீ. இருக்க வேண்டும். எங்களுடையதில் 3 மி.மீ. கூட இல்லை. விரலால் தட்டினால் கண்ணாடிக்கு உரிய 'ணங்' இல்லை, டப்பாவைத் தட்டின மாதிரி இருந்தது. மெல்லிய அக்ரிலிக் தகடு. அக்ரிலிக் கண்ணாடி கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. சின்ன அளவில், குழந்தைகள் அறையில், உடையாது என்பதற்காக வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் இவ்வளவு பெரிய வட்டத்தில் மெல்லிய தகடு விறைப்பாக நிற்காது, வளையும். எங்கள் டியூப் லைட் அதில் பாம்பு மாதிரி நெளிந்தது. தலையை லேசாக அசைத்தால் கதவு நிலை உள்ளே வளைந்து வெளியே வந்தது. முகத்தின் ஒரு பக்கம் உப்பித் தெரிந்தது. கண்ணாடி என்று எழுதி அக்ரிலிக் அனுப்புவதற்கு வேறு என்ன பெயர்?

அளவு இன்னொரு கொள்ளை. 90 செ.மீ. என்றது வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு. சட்டம் பக்கத்துக்கு 8 செ.மீ., அதனால் முகம் தெரியும் பகுதி 74 செ.மீ.தான். 16 செ.மீ. தானே என்று தோன்றும். வட்டத்தில் பரப்பு அகலத்தின் வர்க்கத்தில் குறையும், ஆகவே கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிற்று. அவர்கள் அனுப்பிய படத்தில் இருந்த மெல்லிய விளிம்பு எங்கே, இந்தப் பட்டையான சட்டம் எங்கே! சூரியக் கதிர் மாதிரி குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும் மாடல் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அதில் அளவு குச்சி நுனியிலிருந்து எடுக்கப்படும். நடுவில் முகம் தெரிகிற இடம் தட்டு அளவுக்குக்கூட இருக்காது.

சட்டம் பித்தளையும் இல்லை. பின்பக்கம் நகத்தால் கீறினேன், தங்க நிறம் உரிந்து வெள்ளை நுரை மாதிரி பொருள் தெரிந்தது. வார்த்த பிளாஸ்டிக் நுரையின் மேல் ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள்.

இனி அவர்கள் பேசியதைக் கேளுங்கள். முதலில் வாட்ஸ்அப்பில் ஆலோசகர் பெண்ணிடம் சொன்னேன். "மேடம், நான் விற்பனைப் பிரிவு, புகார் பிரிவுக்கு அனுப்பறேன்" என்றார். அதோடு சரி, நீல டிக் விழுகிறது, பதில் வராது. புகார் பிரிவில் ஒருவர், பிம்பம் நெளிவது "வீட்டு வெளிச்சத்தைப் பொறுத்தது" என்றார். வெளிச்சம் மாறினால் கதவு நிலை வளையுமா? அளவைக் கேட்டதற்கு, வெளி அளவைத்தான் எல்லோரும் போடுவார்கள் என்றார். சட்டத்தைப் பற்றிக் கேட்டதற்கு வந்த பதில்தான் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது. "காந்தம் வெச்சுப் பாருங்க மேடம், ஒட்டாது. பித்தளைல காந்தம் ஒட்டாது." பித்தளையில் ஒட்டாது, சரி. பிளாஸ்டிக்கில் மட்டும் ஒட்டுமா? அதைக் கேட்டதும் அழைப்பு துண்டிக்கப்பட்டது. அடுத்து பேசினவர், பெட்டி பிரிக்கும்போது எடுத்த வீடியோ இல்லாமல் புகாரே செல்லாது என்றார். கடைசியாக மின்னஞ்சலில் ஒரு வரி: உங்கள் சுவருக்கென்று தேர்ந்தெடுத்துக் கொடுத்த பொருள் என்பதால் திருப்பி எடுக்க இயலாது. எத்தனையோ பேருக்கு விற்கிற அதே வட்டம், படத்தில் ஒட்டி அனுப்பியதால் என் சுவருக்கென்று செய்ததாக ஆகிவிட்டதாம். அரை மாதச் சம்பளத்துக்கு இதுதான் பதில்.

அவர்கள் சொன்ன இடத்திலேயே தச்சர் அதைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். சோபா முதுகுக்கு மேலே ஒரு சாண் விட்டு, நடுப்புள்ளி தரையிலிருந்து 150 செ.மீ. நிற்கிறவர் கண் உயரத்துக்கு இது பொதுவாகச் சொல்கிற அளவுதான். ஆனால் ஹாலில் யார் நிற்கிறார்கள்? டி.வி. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்தவர் கண் அதைவிடத் தாழ்வாக இருக்கும், பார்வை மேல்நோக்கிப் போய்க் கண்ணாடியில் பட்டு இன்னும் மேலேறிப் போகும். டி.வி.யின் மேல்பாதி, தொங்குகிற வயர், மின்விசிறி, உத்தரம். இவ்வளவுதான் தெரிந்தது. சோபாவில் உட்காருகிறவருக்கு முதுகுக்குப் பின்னால் இருப்பதால் எதுவுமே தெரியாது. நல்ல கண்ணாடியாகவே வந்திருந்தாலும் இந்த இடம் பயனில்லை. எங்கள் ஹாலில் கண்ணாடி போக வேண்டியது வலது சுவர், ஜன்னலுக்கு எதிரே. அங்கே வைத்தால் வானமும் மரமும் உண்மையாகவே தெரிகின்றன, வெளிச்சமும் சோபா பக்கம் திரும்புகிறது. அந்தப் பெண் ஒரு நிமிடம் என் படத்தைப் பார்த்திருந்தாலே சொல்லியிருக்கலாம். ஆனால் வலது சுவர் குறுகலானது, அங்கே விற்க முடிவது சின்ன மாடல்தான்.

எந்த வடிவம், எந்தச் சட்டம், எங்கே மாட்டலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

வாங்கும் முன்னால் செய்தித்தாளை அதே வடிவத்தில் வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள். அதன் நடுவில் ஒருவரைக் கைக்கண்ணாடியைச் சுவரோடு தட்டையாகப் பிடிக்கச் சொல்லி, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து என்ன தெரிகிறது என்று பாருங்கள். கடைக்காரர் அனுப்பும் படத்தில் கண்ணாடிக்குள் இருப்பதை நம்பாதீர்கள்.

சட்டம் நீங்கலாகக் கண்ணாடியின் அளவு, தடிமன், மொத்த எடை மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். எடை சொல்ல மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

முழுப் பணம் முன்கூட்டிக் கட்டாதீர்கள். பெட்டி வந்தால் பிரிக்கும் முன்பே எடை மெஷினில் வைத்து, எண் தெரியும்படி வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். டியூப் லைட் நெளிகிறதா என்று பார்க்காமல் சுவரில் ஓட்டை போடவே கூடாது, ஏனென்றால் ஒரு முறை மாட்டிவிட்டால் "நீங்கள் மாட்டியதில் வளைந்தது" என்பார்கள்.

பணம் கட்டிய வங்கியில், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிப் புகார் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.