மலக்கசிவு: வீட்டுப் பயிற்சியா, பயோஃபீட்பேக்கா?

பிரசவத்துக்குப் பிறகு, கழிவறை போவதற்குள் மலம் கசிகிறது என்றால் இரண்டு வழிகள் உண்டு: வீட்டிலேயே செய்யும் ஆசனவாய்த் தசைப் பயிற்சி, அல்லது தசை இறுகுவதைத் திரையில் பார்த்துக்கொண்டே பழகும் பயோஃபீட்பேக்.

செலவு: வீட்டுப் பயிற்சிக்கு இல்லை, பயோஃபீட்பேக்குக்கு ஒவ்வொரு முறையும் கட்டணம்.

முறை: வாயுவை அடக்குவதுபோல ஆசனவாயை உள்ளிழுத்து, 5 நொடி பிடித்து, அதே அளவு தளர்த்துங்கள். 10 தடவை, தினமும் மூன்று வேளை. பிட்டத்தில் கை வைத்துப் பாருங்கள். அது இறுகினாலோ மூச்சு நின்றாலோ தவறான தசை வேலை செய்கிறது. பயோஃபீட்பேக்கில் ஆசனவாயில் வைக்கும் சிறு கருவி, சரியான தசை இறுகுகிறதா என்று திரையில் காட்டிவிடும்.

பலன் தெரிய இரண்டுக்கும் சில மாதங்களாவது ஆகும். தசையை உணர முடிந்தவருக்கு வீடே போதும், பிடிபடாதவருக்குப் பயோஃபீட்பேக். ஆசனவாயை மூடிவைக்கும் வளையத்தசை கிழிந்திருக்கலாம் என்பதால், முதலில் மருத்துவரிடம் பரிசோதித்துவிடுங்கள்.