மாத மடல்: வாட்ஸ்அப்பா, மின்னஞ்சலா?

சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கு ஜிப் கவரும் பெட்டியும் விற்கும் கடை என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒரு மடல் அனுப்ப வேண்டும். எதில்?

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து விவரம் பாருங்கள். பல நாளாகியும் ஒருவருக்குச் சேரவில்லை என்றால் பெரும்பாலும் அவர் உங்கள் எண்ணைச் சேமிக்கவில்லை. பில் கொடுக்கும்போதே, "அண்ணா, நம்ம நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்க" என்று கேட்டுவிடுவது நல்லது. நீளமான செய்தி பாதியில் மடிந்துவிடும், அதனால் சலுகை மேலேயே வர வேண்டும்:

"புது அளவு ஜிப் கவர் வந்துவிட்டது. 15-ம் தேதிக்குள் 1,000 எடுத்தால் 100 இலவசம். வேண்டுமென்றால் 'கவர்' என்று பதில் அனுப்புங்கள். ஒரு குறிப்பு: கொலுசை ரப்பர் பேண்டில் கட்டாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்."

மின்னஞ்சலில் இடம் தாராளம், படங்களை வரிசையாகக் காட்டலாம், பழைய மடலைத் தேடி எடுப்பதும் எளிது. ஆனால் பட்டறைக்காரர் பலருக்கு மின்னஞ்சல் என்றால் ஆடிட்டர் பார்ப்பது. அங்கே போன சலுகை தேதி முடிந்த பிறகுதான் கண்ணில் படும்.

பட்டறைகளுக்கு வாட்ஸ்அப்தான் சரி. கொள்முதலுக்கென்று தனி ஆள் வைத்திருக்கும் நகைக்கடைகளுக்கு மட்டும் மின்னஞ்சல் அனுப்பலாம். அதிலும் சலுகை ஒன்றே இருக்கட்டும்.