முன்வாசல் படிக்கு ஒட்டும் பட்டியா, ஸ்குரூ பூட்டும் விளிம்பா?

வன்னியில் இப்போது கட்டும் வீடுகளில் முன்வாசல் படிக்கும் பளபளக்கும் ரைல்ஸ்தான் பதிக்கிறார்கள். கார்த்திகை மழையில் செம்மண் ஒட்டிய காலோடு ஏறினால் அது வழுக்கும். கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக்கு ஐந்து படி. அம்மம்மா மூன்றாம் படியில் சறுக்கி, கைபிடியைப் பற்றித் தப்பினார். அதற்குப் பிறகுதான் இரண்டு வகையையும் போட்டுப் பார்த்தோம்.

முதலில் ஒட்டினது இரண்டு அங்குல அகலக் கறுப்பு ரேப். மேலே சாண்ட்பேப்பர் போலச் சொரசொரப்பு, கீழே பசை. கத்தரிக்கோல் இருந்தால் போதும், அரை மணித்தியால வேலை. ஆனால் மழை தொடங்கி இரண்டு மாதத்தில் மூலைகள் எழும்பிவிட்டன. பிழை எங்களுடையதுதான். மூலையைக் கூராக வெட்டியிருந்தோம், ரைல்ஸ் இணைப்புக் கோட்டுக்கு மேலாலும் ஒட்டியிருந்தோம். அந்தப் பள்ளத்தால் தண்ணீர் உள்ளே போகும். ரேப்பின் ஓரத்தில் மெல்லிய செம்மண் கோடு தெரிந்தால் பசை விட்டுவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாம் தடவை மூலைகளை வட்டமாக வெட்டி, படியைக் கழுவிக் காயவிட்டு, ஸ்பிரிட்டால் துடைத்து ஒட்டினோம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படவிடவில்லை. நன்றாக நின்றது. ஆனால் கூரைத் தண்ணீர் விழும் கீழ்ப்படியில் மட்டும் திரும்பவும் கழன்றது.

அந்தப் படிக்குத்தான் முதலில் ரப்பர் பதித்த அலுமினிய விளிம்பை ஸ்குரூவில் பூட்டினோம். இது நிற்கும், ஆனால் ரைல்ஸை உடைக்கவும் கூடியது. அதனால் முதலில் ஒரு நாணயத்தால் படியைத் தட்டிக் கேளுங்கள். வெறுமையான சத்தம் வந்தால் கீழே சாந்து இல்லை, அங்கே துளைக்கக் கூடாது. சத்தம் இறுக்கமாக இருந்தால் மாஸ்கிங் ரேப் ஒட்டி, துளைக்கும் மெசினின் சுத்தியல் அடியை நிறுத்தி, ரைல்ஸுக்கான பிற்றால் தண்ணீர் விட்டு மெதுவாகத் துளைக்க வேண்டும். கொங்கிறீற் வந்த பிறகுதான் சுத்தியல் அடி. பிளக்கை ரைல்ஸின் தடிப்புக்குக் கீழே இறக்கிவிடுங்கள். ரைல்ஸுக்குள்ளேயே நின்றால் ஸ்குரூ இறுகும்போது பிளக் விரிந்து ரைல்ஸைப் பிளந்துவிடும். நான்கு அடிப் படிக்கு ஐந்து ஸ்குரூ, இரு முனையிலும் இரண்டு அங்குலம் விட்டு. துருப்பிடிக்காத ஸ்குரூவே வாங்குங்கள். விளிம்புக்கு அடியில் சிலிக்கன் பூசினால்தான் தண்ணீர் தங்காது.

வீட்டுக்குள் இருக்கும் மாபிள் படிக்கு நான் ரேப்தான் சொல்வேன். அதன் முனை உருண்டையாக இருந்தால் அலுமினிய விளிம்பு சரியாகப் படியாது. வெளியே நீட்டிய பகுதிக்குக் கீழே கொங்கிறீற்றும் இல்லை, ஸ்குரூ எதைப் பிடிக்கும்? மெழுகுப் பொலிஷை மட்டும் முதலில் எடுக்க வேண்டும். அசிட் பாவிக்காதீர்கள், மாபிளை அரித்துவிடும்.

அம்மம்மா சறுக்கிய மூன்றாம் படிக்கும் விளிம்பு பூட்டப் போனோம், தட்டும்போது வெறுமையாகத்தான் கேட்டது. மேசனைக் கூப்பிட்டு அந்த ரைல்ஸைப் பெயர்த்து, சாந்து நிரப்பித் திரும்பப் பதித்து, நன்றாக இறுகிய பிறகே விளிம்பைப் பூட்டினோம்.