வீல்சேரில் இருப்பவருக்கு எந்த வாட்ச்: ஆப்பிளா, கார்மின் வேணு 3-ஆ?

நடக்காத ஒருவர் சாதாரண ஸ்மார்ட்வாட்சைக் கட்டிக்கொண்டால், சக்கரத்தைத் தள்ளும் கையசைவில் சிலவற்றை அது காலடி என்று எண்ணும், மீதியை விட்டுவிடும். போதாததற்கு ‘எழுந்து நில்லுங்கள்’ என்று நினைவூட்டவும் செய்யும். இதை முதலில் சரிசெய்தது ஆப்பிள், 2016-இல் watchOS 3 வழியாக. கார்மின் 2023-இல் வந்த வேணு 3-இல் வீல்சேர் மோடைக் கொடுத்தது. இரண்டும் காலடிக்குப் பதில் புஷ் எண்ணுகின்றன. ஆனால் அந்த எண்ணை வைத்து உங்களை என்ன செய்யச் சொல்கின்றன என்பதில்தான் வேறுபடுகின்றன.

ஆப்பிளில் ஐபோனின் Watch ஆப்பில் Health, அதற்குள் Health Details போய் Wheelchair என்பதை மாற்றினால் போதும். அன்றைய இலக்கு எவ்வளவு முடிந்தது என்று காட்டும் வளையங்களில், நிற்கும் வளையம் உருளும் வளையமாகிவிடும். ‘Time to Roll!’ என்று நினைவூட்டும். புஷ் எண்ணிக்கை வளையங்களில் சேராது. நகர்வு வளையம் கலோரியைத்தான் பார்க்கும். கார்மினிலோ காலடி இருந்த இடத்தில் நேராகப் புஷ் வந்து உட்கார்கிறது, தினசரி இலக்கோடு.

எனக்கு இந்த விஷயத்தில் ஆப்பிளின் வழிதான் பிடித்திருக்கிறது. காலடி கூடினால் நல்லது. புஷ் கூடினால் நல்லது என்று சொல்லிவிட முடியாது. வருடக்கணக்கில் கையால் சக்கரம் தள்ளுபவர்களுக்குத் தோள்வலி மிகச் சாதாரணம். அதனால்தான் தெரபிஸ்ட்கள் குறைந்த எண்ணிக்கையில், நீளமாக, நிதானமாகத் தள்ளச் சொல்கிறார்கள். தள்ளி முடித்ததும் கையை ரிம்முக்குக் கீழே தளர விட்டு, அரைவட்டமாகப் பின்னால் கொண்டுவர வேண்டும் என்பார்கள். தினமும் ஒரு புஷ் இலக்கைத் துரத்துபவர் அவசரத்தில் குட்டிக் குட்டியாகத் தள்ளத் தொடங்கிவிடலாம். எண் ஏறும், தோள் தேயும்.

அதனால் எந்த வாட்ச் வாங்கினாலும் புஷ்ஷைத் தனியாகப் பார்க்காதீர்கள், தூரத்தோடு சேர்த்துப் பாருங்கள். வீட்டிலிருந்து கடைவரை 1 கிலோமீட்டர், சமதளம், வழக்கமாக 500 புஷ் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு புஷ்ஷுக்கு 2 மீட்டர். அதே பாதையில் ஒரு வாரமாக 620 காட்டுகிறது என்றால் ஒரு புஷ்ஷுக்கு 1.6 மீட்டர்தான் கிடைக்கிறது. நீங்கள் சோர்ந்துவிட்டீர்கள் என்று முடிவுகட்டும் முன் டயரில் காற்றைப் பாருங்கள். அப்புறம் முன்பக்கச் சின்னச் சக்கரங்களின் அச்சில் முடியும் நூலும் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் விஷயம் இருக்கும். ஆப்பிளில் புஷ்ஷும் வீல்சேர் தூரமும் Health ஆப்பில் தனித்தனியாக இருக்கும். வகுத்துப் பார்ப்பது உங்கள் வேலை. இறக்கத்தில் உருண்டாலோ, பின்னாலிருந்து யாராவது தள்ளினாலோ இந்தக் கணக்கு உதவாது. எண்ணிக்கையை நம்பலாமா என்று தெரிய, வாயால் எண்ணி 50 தடவை தள்ளி வாட்ச் காட்டுவதோடு ஒப்பிடுங்கள். ஒரு கை பலவீனமாக இருந்தால் பலமான கையில் கட்டுங்கள்.

கார்மின் தெளிவாக முந்துவது வேறொரு இடத்தில். உட்காரும் இடத்தில் உணர்ச்சி இல்லாதவருக்குப் பெரிய அபாயம் படுக்கைப்புண். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ பிட்டத்தின் மேல் உள்ள அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். வேணு 3-இல் இதற்கென்றே எடையை மாற்றி உட்காரச் சொல்லும் நினைவூட்டல் இருக்கிறது. ஆப்பிளின் ‘உருளுங்கள்’ அதற்கு ஈடாகாது. ஒரு நிமிடம் சக்கரம் தள்ளினால் அந்த மணி நேரம் வளையத்தில் சேர்ந்துவிடும், ஆனால் உட்கார்ந்த இடத்தின் அழுத்தம் அப்படியே இருக்கும். ஆப்பிள் வைத்திருப்பவர்கள் தனியாக டைமர் வைத்துத்தான் ஆக வேண்டும்.

இதயத் துடிப்பில் இரண்டுக்கும் ஒரே குறை. 220-இலிருந்து வயதைக் கழிக்கும் வழக்கமான கணக்கு, தண்டுவடம் கழுத்துப் பகுதியில் அடிபட்டவருக்குப் பொருந்தாது. இதயத்தை வேகப்படுத்தும் நரம்புச் செய்தி போய்ச்சேராததால், முழு மூச்சாக உழைத்தாலும் பலருக்குத் துடிப்பு 110 முதல் 130-இலேயே நின்றுவிடும். வாட்ச் அதை லேசான பயிற்சி என்று சொல்லும். இரண்டிலுமே துடிப்பு மண்டலங்களைக் கையால் மாற்ற வழி உண்டு. மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

விரல்களில் பிடிப்பு குறைந்தவர்கள் சார்ஜரையும் யோசிக்க வேண்டும். ஆப்பிளுடையது காந்தம், அருகே கொண்டுபோனாலே ஒட்டிக்கொள்ளும், ஆனால் கிட்டத்தட்ட தினமும் செய்ய வேண்டும். வேணு 3-க்குச் சின்ன பிளக்கைப் பின்புறத் துளையில் சரியாகச் செருக வேண்டும். அதன் பேட்டரி 14 நாள்வரை வரும் என்பதால் வேறொருவரைக் கேட்டுக்கூட ஓட்டிவிடலாம். ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவருக்கு ஆப்பிள் வாட்ச் வேலையே செய்யாது, அங்கே கேள்வி முடிந்தது.

ஐபோனும் இருந்து, உட்காரும் இடத்தில் உணர்ச்சியும் இருந்தால் ஆப்பிள் வாங்குங்கள். உணர்ச்சி இல்லையென்றால் வேணு 3 எடுத்து, புஷ் இலக்கைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜாய்ஸ்டிக்கில் ஓடும் பவர் வீல்சேர்காரர்கள் புஷ் எண்ணிக்கைக்காக எதையும் வாங்க வேண்டாம். எண்ணுவதற்கு அங்கே ஒன்றுமில்லை.