ஓடாத பிள்ளைக்கு என்ன மதிப்பெண்: உடற்கல்விக் கொள்கையின் இரண்டு வரைவுகள்

பள்ளியின் உடற்கல்விக் கொள்கையை எழுத உட்காரும் குழுவின் முன் பெரும்பாலும் இரண்டு வரைவுகள் இருக்கும். மருத்துவச் சான்று தந்த பிள்ளைக்கு விலக்கு அளித்து, மற்றவர்களை ஒரே அட்டவணைப்படி மதிப்பிடுவது முதல் வரைவு. எவருக்கும் முழு விலக்கு தராமல், தூரத்தையும் கருவியையும் விதியையும் பிள்ளைக்கேற்ப மாற்றி, அவரவர் முன்னேற்றத்தை மதிப்பிடுவது இரண்டாவது.

முதல் வரைவை எழுதுவது எளிது. ஆனால் விலக்கு பெற்ற பிள்ளை ஆண்டு முழுவதும் வேப்ப மரத்தடியில் மற்றவர்களின் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருப்பதே அதன் நடைமுறை விளைவு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 16, விளையாட்டிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பைத் தரச் சொல்வதால், விலக்கையே வழக்கமாக்கும் கொள்கை சட்டத்தின் நோக்கத்துக்கும் பொருந்தாது. மருத்துவரிடம் 'விளையாடலாமா' என்று கேட்பதற்குப் பதிலாக 'எதை, எவ்வளவு நேரம் செய்யலாம்' என்று கேட்கும் படிவம் ஒன்றை வைத்தாலே பாதி விலக்குகள் குறைந்துவிடும் என்பது என் கணிப்பு.

மதிப்பீட்டில்தான் சிக்கல் கூடுகிறது. 600 மீட்டர் ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவி ஜூலையில் 250 வினாடியும் டிசம்பரில் 215 வினாடியும் எடுக்கிறாள். அவள் தோழி 140 வினாடியிலிருந்து 136-க்கு வருகிறாள். பொது அட்டவணையில் முதலாமவள் இரண்டு முறையும் கடைசி வரிசையில்தான் இருப்பாள். முன்னேற்றக் கணக்கிலோ அவளுக்கு 14 விழுக்காடு, தோழிக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு என்றாகி, நன்றாக ஓடுபவள் தண்டிக்கப்படுகிறாள். ஆகவே இரண்டாவது வரைவை ஏற்பவர்கள், குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிப்பவர் தம் நிலையைக் காத்தாலே முழு மதிப்பெண் என்ற ஒரு வரியையும் சேர்க்க வேண்டும்.

ஜூலையில் வேண்டுமென்றே மெல்ல ஓடும் பிள்ளைகளும் உண்டு. 200 மீட்டர் தடத்தில் மூன்று சுற்றுகளின் நேரத்தையும் தனித்தனியே குறித்தால், கடைசிச் சுற்று முதல் சுற்றைவிட மிக வேகமாக இருப்பதும் ஓட்டம் முடிந்தும் மூச்சு வாங்காததும் காட்டிக்கொடுக்கும். ஒரு வார இடைவெளியில் இருமுறை ஓடவைத்து, இரண்டில் குறைந்த நேரத்தைத் தொடக்கமாகக் கொள்வது இன்னும் பாதுகாப்பானது.

பாதுகாப்பு விதிகளில் மட்டும் ஆளுக்கேற்ற தளர்வு கூடாது. இழுப்பு உள்ள பிள்ளையின் இன்ஹேலர் அலுவலக அலமாரியில் பூட்டியிருக்கக் கூடாது. அது மைதானத்திலேயே கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று இரண்டு வரைவுகளும் வெளிப்படையாக எழுதியாக வேண்டும்.

மைதானப் பங்கீட்டை 'அனைவருக்கும் திறந்திருக்கும்' என்று முதல் வரைவு ஒரு வரியில் முடித்துவிடும். அப்படித் திறந்துவிட்ட இடத்தைப் பெரிய வகுப்புப் பையன்களின் கிரிக்கெட் பிடித்துக்கொள்ள, பெண்கள் சுவரோரம் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். வாரத்தில் எந்தப் பாடவேளையில், எந்தப் பாதி மைதானம், எந்தப் பிரிவுக்கு என்று கால அட்டவணையிலேயே அச்சிட்டுவிடும் இரண்டாவது வரைவில் இந்தப் பிணக்கு குறையும். பந்துகளும் வலையும் அதே அட்டவணைப்படி கையொப்பமிட்டுப் பெறப்படுகின்றனவா என்பதை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.